அந்த 4 வெள்ளி 12 காசு யார் எடுத்தது?

பெரிய தொகை கணக்கிலிருந்து போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். 400 வெள்ளி குறைந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போன் போட்டுவிடுவோம். 4 வெள்ளி குறைந்தால்? பலருடைய கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் பட்டாலும், “வங்கிக்காரன் ஏதோ பிடித்திருக்கிறான்” என்று விட்டுவிடுகிறோம்.

என் அத்தை அப்படி விடுகிற ஆள் இல்லை. பள்ளி உணவகத்தில் வேலை செய்து சம்பாதிக்கும் ஒவ்வொரு காசுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் தம்முடைய மார்ச் மாதக் கணக்கறிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இரண்டு படங்களாக எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: “ஏம்மா, இந்த நாலு வெள்ளி பன்னெண்டு காசு எவன் எடுத்தான்னு பாரேன். நான் எங்கயும் நாலு வெள்ளிக்கு ஒண்ணும் வாங்கலை.”

வானொலியில் பேசுவதுதான் என் வேலை, வங்கியில் இல்லை. இருந்தாலும் கணக்கறிக்கையைப் படிக்க வங்கியில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அந்த இரண்டு படங்களையும் எப்படிப் படித்தேன் என்று அத்தையின் அனுமதியோடு எழுதுகிறேன். அடுத்த மாதம் உங்கள் கணக்கறிக்கை வரும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம்

கணக்கறிக்கையில் தொகைகளுக்கு மூன்று பத்திகள் இருக்கும். ஒன்றில் வெளியே போன பணம், இன்னொன்றில் உள்ளே வந்த பணம், கடைசிப் பத்தியில் இருப்பு. சில வங்கிகள் இவற்றை Withdrawal, Deposit என்று போடும். சில வங்கிகள் Debit, Credit என்று போடும். இந்த இரண்டாவது சொல் ஜோடிதான் பலரையும் குழப்புகிறது. கடன் அட்டைக்கும் ‘கிரெடிட்’ என்றுதானே பெயர், அப்படியென்றால் கிரெடிட் என்பது கடனா, வரவா என்று அத்தை கேட்டார்.

அறிக்கையை எழுதுவது வங்கி என்பதை நினைவில் வைத்தால் விஷயம் தெளிவாகிவிடும். நாம் போட்டு வைத்திருக்கும் பணம், வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். நம் கணக்கில் பணம் சேரச் சேர வங்கியின் கடன் கூடுகிறது; அதனால் அது கிரெடிட். நாம் பணம் எடுத்தால் அந்தக் கடன் குறைகிறது, அது டெபிட். ஆகவே சேமிப்புக் கணக்கில் டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

இருப்புப் பத்தி ஒரு சங்கிலி

மூன்றாவது பத்தியான இருப்பைப் பலர் கடைசி வரியில் மட்டும் பார்ப்பார்கள். உண்மையில் அந்தப் பத்தி முழுவதும் ஒரு சங்கிலி. முந்தைய வரியின் இருப்போடு இந்த வரியின் வரவைக் கூட்டினாலோ, பற்றைக் கழித்தாலோ இந்த வரியின் இருப்பு வர வேண்டும். ஒரு கண்ணி அறுந்திருந்தால், இடையில் ஏதோ ஒரு வரி நம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அத்தை அனுப்பிய முதல் படம் இப்படி இருந்தது:

Balance Brought Forward: இருப்பு 1,284.60
மார்ச் 3, ஜைரோ, மின்சாரம், தண்ணீர்: பற்று 96.35, இருப்பு 1,188.25
மார்ச் 5, பேநவ், மகனிடமிருந்து: வரவு 200.00, இருப்பு 1,388.25
மார்ச் 7, அட்டைக் கொள்முதல்: பற்று 412.00, இருப்பு 976.25

இரண்டாவது படம்:

மார்ச் 7, CCY CONVERSION FEE: பற்று 4.12, இருப்பு 908.65
மார்ச் 12, ரொக்கம்: பற்று 150.00, இருப்பு 758.65
மார்ச் 25, சம்பளம்: வரவு 1,950.00, இருப்பு 2,708.65
மார்ச் 31, வட்டி: வரவு 0.06, இருப்பு 2,708.71

Balance Brought Forward என்பது போன மாதத்திலிருந்து கொண்டுவந்த தொகை. எந்த அறிக்கையையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அது போன மாத அறிக்கையின் கடைசி இருப்போடு பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: மாத அறிக்கையில் பழைய தேதி மேலேயும் புதிய தேதி கீழேயும் இருக்கும். கைப்பேசிச் செயலியின் நடவடிக்கைப் பட்டியலில் பெரும்பாலும் இது தலைகீழாக, புதியது மேலே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எதிலிருந்து எடுத்தது என்று தெரியாமல் கூட்டிக் கழித்தால் கணக்கு உதைக்கும்.

முதல் படத்தில் ஒவ்வொரு வரியும் சரியாகப் பொருந்தியது. 1,284.60இலிருந்து 96.35 போனால் 1,188.25. அதோடு 200 சேர்ந்தால் 1,388.25. அதில் 412 போனால் 976.25. இரண்டாவது படத்தின் முதல் வரியில்தான் சங்கிலி அறுந்தது. 976.25இலிருந்து 4.12 கழித்தால் 972.13 வர வேண்டும். ஆனால் அங்கே இருப்பு 908.65 என்று இருந்தது.

இதைப் பார்த்ததும் பதறத் தேவையில்லை. பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். 4.12 எடுத்த பிறகு 908.65 இருந்தது என்றால், எடுப்பதற்கு முன் 912.77 இருந்திருக்க வேண்டும். முதல் படம் முடிந்த இடத்தில் இருந்தது 976.25. இரண்டுக்கும் வித்தியாசம் 63.48. அதாவது, இரண்டு படங்களுக்கும் நடுவில் 63 வெள்ளி 48 காசுக்கு ஒரு பற்று வரி விடுபட்டிருக்கிறது.

“அத்தை, மார்ச் ஏழாம் தேதி வாக்கில 63 வெள்ளி 48 காசுக்கு ஏதாச்சும் வாங்கினீங்களா?” என்று கேட்டேன். செயலியைத் திறந்து பார்த்தவர், “ஆமாம்மா, பேரங்காடியில வாங்கினது. நெட்ஸ்ல போட்டேன். படத்துல வரலையா?” என்றார். வரவில்லை. திரையை மேலே தள்ளிவிட்டு இரண்டாவது படம் எடுக்கும்போது ஒரு வரி நழுவிவிட்டது. இனி யாராவது உங்களுக்குப் பல படங்களாக அறிக்கை அனுப்பினால், முதலில் இந்தச் சங்கிலியைச் சரிபாருங்கள். வரி விடுபட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு யார்மீதும் சந்தேகப்படக் கூடாது.

ஒரு வரியில் இரண்டு தேதிகள்

இனி, தெரியாத வரிக்கு வருவோம். புரியாத பற்று ஒன்றைப் பார்த்தால் நாம் முதலில் செய்வது, “மார்ச் 7ஆம் தேதி நான் எங்கே போனேன்?” என்று நினைத்துப் பார்ப்பது. அட்டையில் செலுத்தியதற்கு அந்தக் கேள்வி பல சமயம் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். இடப்பக்கம் இருப்பது வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் பதிந்த தேதி. நாம் அட்டையைத் தட்டிய தேதி அதற்குச் சில நாள் முந்தியதாக இருக்கலாம். வார இறுதி குறுக்கிட்டால் இடைவெளி இன்னும் கூடும். பல வங்கிகள் உண்மையான தேதியை விவரப் பகுதியில் சிறிய எழுத்தில் போடுகின்றன. அத்தையின் 412 வெள்ளி வரியில் கீழே 05MAR என்று இருந்தது. மதுரையில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்காக, இணையத்தில் தங்குவிடுதி அறை பதிவு செய்த நாள் அதுதான்.

அடுத்தது பெயர். விவரப் பகுதியில் இருப்பது கடைப் பலகையில் உள்ள பெயராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நிறுவனம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயர் வரலாம். பணம் வசூலித்துக் கொடுக்கும் இடைநிறுவனத்தின் பெயரும் வரலாம். APPLE.COM/BILL என்று வந்தால் கைப்பேசி வாங்கியதாக அர்த்தமில்லை. பிள்ளைகள் விளையாட்டில் வாங்கியது, மேகச் சேமிப்புக்கான மாதச் சந்தா என எல்லாம் அந்த ஒரே பெயரில்தான் வரும். பெயர் புரியாவிட்டால், அந்தத் தொகையைக் காசு வரை அப்படியே மின்னஞ்சலில் தேடிப் பாருங்கள். ரசீது பெரும்பாலும் சிக்கிவிடும்.

அத்தையின் வரியில் எந்தக் கடையின் பெயரும் இல்லை. CCY CONVERSION FEE என்று மட்டும் இருந்தது. CCY என்பது நாணயத்தைக் குறிக்கும் சுருக்கம். நாணய மாற்றுக் கட்டணம் என்கிறது வங்கி. “நான் எந்தக் காசையும் மாத்தலையே! வெள்ளியிலதானே கட்டினேன்?” என்றார் அத்தை. அவர் சொன்னது உண்மை. பதிவு இணையத்தளம் விலையைச் சிங்கப்பூர் வெள்ளியில்தான் காட்டியது. 412 வெள்ளிதான் போயிருக்கிறது.

இங்கே ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பாருங்கள். 4.12ஐ 412ஆல் வகுத்தால் 0.01. சரியாக 1 விழுக்காடு. காசுகூடப் பிசகவில்லை. ஒரு சின்னத் தொகை, பக்கத்தில் உள்ள பெரிய தொகையின் நேரான விழுக்காடாக இருந்தால், அது பெரும்பாலும் அந்தப் பெரிய தொகையின்மீது வங்கி விதித்த கட்டணம். படத்தில் வெட்டுப்பட்டிருந்த விவரப் பகுதியைச் செயலியில் முழுதாகத் திறந்தபோது, அங்கே SGD : 412.00 என்றே இருந்தது. எந்தத் தொகைக்கான கட்டணம் என்பதை வங்கியே எழுதித்தான் வைத்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பாதி விழவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளியில் கட்டினாலும் ஏன் கட்டணம்?

விலை எந்த நாணயத்தில் காட்டப்பட்டது என்பதை மட்டும் வங்கியும் அட்டை நிறுவனமும் பார்ப்பதில்லை. பணத்தை வாங்கும் வணிகர் எந்த நாட்டில் பதிவானவர் என்பதையும் பார்க்கின்றன. வணிகர் வெளிநாட்டில் இருந்துகொண்டு சிங்கப்பூர் வெள்ளியில் வசூலித்தால், அது எல்லை தாண்டிய பரிவர்த்தனை. அதற்கு இங்குள்ள பல வங்கிகள் 1 விழுக்காடு வாங்குகின்றன. சில வங்கிகள் அதைத் தனி வரியாகப் போடுகின்றன. அத்தை கண்டுபிடித்தது அந்தத் தனி வரியைத்தான்.

இதே கட்டணம் இன்னொரு வழியிலும் வரும். ஜோகூர் பாருவில் சாப்பிட்டுவிட்டு அட்டையைக் கொடுக்கிறீர்கள். இயந்திரத்தின் திரையில் ரிங்கிட்டா, சிங்கப்பூர் வெள்ளியா என்று கேள்வி வருகிறது. நமக்குப் பழகிய நாணயம் என்று வெள்ளியைத் தொட்டுவிடுகிறோம். அந்த நொடியில் நாணய மாற்றைச் செய்வது நம் வங்கியோ அட்டை நிறுவனமோ அல்ல. கடைக்காரருக்குச் சேவை தரும் நிறுவனம். மாற்று விகிதத்தை அதுவே வைக்கிறது, தன் லாபத்தையும் அதற்குள்ளேயே வைக்கிறது. அதன்மேல் நம் வங்கியின் 1 விழுக்காடு தனியாக வருகிறது.

ரிங்கிட்டைத் தேர்ந்தெடுத்தால் அட்டை நிறுவனத்தின் விகிதத்தில் மாற்று நடக்கும். அப்போதும் வங்கிக் கட்டணம் உண்டு; இங்குள்ள பல அட்டைகளில் அது சுமார் 3.25 விழுக்காடு. ஆனால் அது தனி வரியாக வராது, மாற்றிய தொகைக்குள்ளேயே கலந்திருக்கும். அதனால்தான் 1 விழுக்காட்டைப் பார்த்து முறைக்கும் நாம் 3.25 விழுக்காட்டைக் கவனிப்பதில்லை. அப்படியானால் வெள்ளியே மேல் அல்லவா என்று கேட்கலாம். கடை இயந்திரத்தில் அப்படி இருப்பது அரிது. அந்த மாற்று விகிதத்தில் ஏற்றிய லாபம் பெரும்பாலும் வித்தியாசத்தை விழுங்கிவிடும். பல நாணயங்களை வைத்துக்கொள்ளும் பயண அட்டை வைத்திருப்பவர்கள் வெள்ளியைத் தொட்டால், அந்த அட்டை வாங்கிய பயனே போய்விடும். ஆகவே கடையில் அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

அத்தையின் கதை வேறு. அந்த இணையத்தளம் அவரிடம் கேட்கவே இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் செய்யக்கூடியது இரண்டு. பணம் கட்டும் பக்கத்தில் நாணயத்தை மாற்றும் வசதி இருந்தால், இரண்டு நாணயங்களிலும் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால், 1 விழுக்காட்டைச் சேர்த்தே விலையைக் கணக்கிடலாம். அறையின் உண்மையான விலை 412 வெள்ளி அல்ல, 416 வெள்ளி 12 காசு. இந்தக் கட்டணம் அட்டையின் விதிமுறைகளில் எழுதப்பட்டிருப்பதால், வங்கியிடம் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கணக்குப் பொருந்தாவிட்டால்

அத்தைக்கு விடை கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல முடியாது. அந்த 4.12 வேறு எந்தத் தொகையின் விழுக்காடாகவும் இல்லாமல், பெயர் தெரியாத ஒரு வணிகரிடம் போயிருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். திருடிய அட்டை எண்ணை வைத்திருப்பவர்கள், அந்த அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் ஒன்றிரண்டு வெள்ளியை எடுத்துப் பார்ப்பதுண்டு. பெரிய தொகை அதற்குப் பிறகுதான் வரும். சின்னத் தொகையை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

விவரப் பகுதியில் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் இருக்கும். அது யாருடைய அட்டை என்று பாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். யாரும் வாங்கவில்லை என்று உறுதியானால், முதலில் செயலியிலேயே அட்டையைப் பூட்டிவிடுங்கள். பிறகு, அட்டையின் பின்பக்கம் உள்ள எண்ணில் வங்கியை அழையுங்கள். குறுஞ்செய்தியில் வந்த எண்ணையோ, தேடுதளத்தில் முதலில் வந்த எண்ணையோ அழைக்காதீர்கள். மோசடியா இல்லையா என்று தெரியாமல் தடுமாறினால், ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799இல் கேட்கலாம்.

இதில் காலமும் முக்கியம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் மின்கட்டணப் பயனீட்டாளர் பாதுகாப்பு வழிகாட்டியின்படி, நாம் அனுமதிக்காத பரிவர்த்தனை பற்றி அறிவிப்பு கிடைத்ததும் கூடிய விரைவில், தாமதமானால் 30 நாள்களுக்குள், வங்கியிடம் சொல்ல வேண்டும். வங்கி சாதாரண விவகாரத்தை 21 வேலை நாள்களிலும் சிக்கலான விவகாரத்தை 45 வேலை நாள்களிலும் விசாரித்து முடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 30 நாள் எண்ணப்படுவது அறிவிப்பு வந்த நாளிலிருந்து. மாத அறிக்கையைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல. மாத முடிவில் மட்டும் கணக்குப் பார்ப்பவருக்கு அந்தக் காலத்தில் பெரும்பகுதி போயிருக்கும். அதனால் சின்னத் தொகைக்கும் அறிவிப்பு வரும்படி செயலியில் வரம்பைக் குறைத்து வையுங்கள். வங்கி தானாக வைத்திருக்கும் வரம்பு 4 வெள்ளியைவிட அதிகமாக இருந்தால், இப்படிப்பட்ட தொகை போகும்போது கைப்பேசி சத்தமே போடாது.

ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. அத்தை அனுப்பிய படத்தின் மேல்பகுதியில் அவருடைய முழுப் பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் இருந்தன. அவற்றை அழித்துவிட்டு அனுப்பச் சொன்னேன். கணக்கைச் சரிபார்ப்பவருக்குத் தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு ஆகிய ஐந்து பத்திகள் போதும். விவரப் பத்தியை மட்டும் வெட்டாமல், ஒவ்வொரு வரியையும் விரித்து முழுதாக எடுக்க வேண்டும். இரண்டாவது படம், முதல் படத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் இடையில் எந்த வரியும் நழுவாது.

ஏப்ரல் மாத அறிக்கையை அத்தை எனக்கு அனுப்பவில்லை. அவரே உட்கார்ந்து படித்துவிட்டார். இப்போது அவர் தேடிக்கொண்டிருப்பது மாமாவின் கடன் அட்டையில் மாதாமாதம் போகும் 13 வெள்ளிச் சந்தாவை. மாமாதான் கொஞ்சம் கவலையாக இருக்கிறார்.